முகத்துவாரத்தில் நின்றுவிடும் காப்புறுதி

வாழைச்சேனையிலிருந்து வடக்கே வாகரையை நோக்கிச் செல்லும் ஏ15 வீதி, பனிச்சங்கேணியில் பாலமொன்றின் மீதாகக் களப்பைக் கடக்கின்றது. ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல், இரண்டுக்கும் இடையே மணல். வடகீழ்ப் பருவமழை தீவிரமடைந்து நீர்மட்டம் உயரும் காலங்களில் மட்டக்களப்பு மாவட்டத்தின் கரையோரங்களில் வழமையாகக் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. வயல்கள் மூழ்கத் தொடங்கியதும் முகத்துவார மணல்திட்டை வெட்டிவிடுமாறு விவசாயிகள் கேட்பர். அதிகாரிகள் கூடி முடிவெடுப்பர். வாடகைக்கு அமர்த்தப்பட்ட பெக்கோ இயந்திரம் ஒன்று மணலில் இறங்கி, கடலுக்கும் களப்புக்கும் இடையே வாய்க்கால் ஒன்றைத் தோண்டும். நீர் பாயத் தொடங்கியதும் கூடியிருந்தவர்கள் கலைந்து செல்வர். இயந்திரத்தின் சாரதியும் உரிமையாளரும் மட்டுமே, கரைந்துகொண்டிருக்கும் மணல் விளிம்பிலிருந்து அதனை எவ்வாறு வெளியே எடுப்பது என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பர்.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2007இல் வாகரைப் பகுதியில் யுத்தம் ஓய்ந்த பின்னரும், வீதி, பாலம், வீடு என இப்பிரதேசத்தில் மண் அகழும் இயந்திரங்கள் இல்லாத வேலைத்தளத்தைக் காண்பது அரிதாக இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா புயலின் பின்னர் அவற்றின் தேவை மீண்டும் கூடியது. இவ்வியந்திரங்களில் கணிசமானவை பெரிய நிறுவனங்களுக்குரியவையல்ல. லீசிங் முறையில் ஒன்றோ இரண்டோ இயந்திரங்களை வாங்கி, மணித்தியாலக் கூலிக்கு விட்டு, அந்தக் கூலியிலிருந்து மாதாந்தத் தவணையைச் செலுத்துகின்ற சிறு உரிமையாளர்களே பலர். அவர்களிடம் காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டால், "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது" என்ற பதில் தயக்கமின்றி வரும். லீசிங் நிறுவனமும் அதைக் கேட்டு வாங்கித்தான் வைத்திருக்கும். எனினும் அந்த முழுக் காப்புறுதி எங்கே முடிவடைகின்றது என்பதை விபத்துக்கு முன்னர் அறிந்து வைத்திருப்பவர்கள் சொற்பமே.

பெக்கோ என்பது இரட்டைப் பிறவி. அதற்கு இலக்கத்தகடு உண்டு, வருமான அனுமதிப்பத்திரம் உண்டு, இறப்பர்ச் சக்கரங்களில் வீதியில் ஓடும். வாழைச்சேனையிலிருந்து பனிச்சங்கேணி வரை ஓடி வரும்போது அது ஒரு வாகனம். மணலில் நின்று, பின்புறமுள்ள இரு தாங்கு கால்களையும் ஊன்றி, சாரதி தமது ஆசனத்தைப் பின்னோக்கித் திருப்பிக்கொண்டு வாளியை மண்ணில் இறக்கியதும் அது ஒரு கருவியாகிவிடுகின்றது. இயந்திரம் ஒன்றே, இயக்குபவரும் ஒருவரே. ஆயினும் காப்புறுதியின் பார்வையில் அந்தக் கணத்தில் ஓர் எல்லை கடக்கப்பட்டுவிட்டது. மோட்டார் காப்புறுதி நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். இயந்திரம் எது என்பதைவிட, விபத்து நேர்ந்த வேளையில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதே இங்கு கேள்வியாகின்றது.

இந்த எல்லை மிகத் தெளிவாக எழுதப்பட்டிருப்பதை இந்தியாவின் 2002ஆம் ஆண்டு மோட்டார் காப்புறுதிக் கட்டண விதிகளில் காணலாம். நடமாடும் கிரேன்கள், துளையிடும் இயந்திரங்கள், அகழும் இயந்திரங்கள் போன்றவற்றுக்கென அதில் 47ஆம் இலக்கச் சேர்க்கை என்றொன்று உண்டு. வாகனமோ அதில் பொருத்தப்பட்ட இயந்திரமோ கருவியாக இயங்கிக்கொண்டிருந்தபோது அதனால் ஏற்பட்ட கவிழ்வுக்கு நட்டஈடு கிடையாது என்பது அதன் முதற்பகுதி. தீ, வெடிப்பு, மின்னல், திருட்டு ஆகியவற்றால் நேரும் இழப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. கருவியாக இயங்கியதால் பிறருக்கு ஏற்பட்ட பொறுப்பையும், சட்டம் கட்டாயப்படுத்தும் அளவுக்கு மேல் ஏற்பதில்லை என்பது இரண்டாம் பகுதி. மோட்டார் காப்புறுதியைப் பொறுத்தவரை எம்முடைய நாட்டுக்கும் இந்தியாவுக்கும் மூலம் ஆங்கிலேய மரபுதான். இதே கருத்துடைய வாசகம் தமது ஒப்பந்தத்தில் எந்தச் சொற்களில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை ஒவ்வோர் உரிமையாளரும் தேடிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது முதற்பக்கத்தில் இராது. பின்னால் இணைக்கப்பட்ட சேர்க்கைத் தாள் ஒன்றில் இருக்கும்.

இலக்கத்தகடு இருந்தால் மோட்டார் காப்புறுதி எங்கும் செல்லுபடியாகும் என்று கருதுவது பரவலான மயக்கம். அகழும் இயந்திரமும் வீதி உருளையும் மோட்டார் வாகனங்களே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2001இல் போஸ் ஏப்ரகாம் வழக்கில் கூறியது. அவற்றை ஒருவர் தமது சொந்த வளவுக்குள் மட்டும் பயன்படுத்தினாலும் அத்தன்மை மாறிவிடாது என்பதும் அத்தீர்ப்பின் சாரம். ஆனால் அந்த வழக்கின் விடயம் பதிவும் வரியும். அரசுக்கு வரி செலுத்தும்போது வாகனம் என்று எண்ணப்படுகின்ற ஒன்று, நட்டஈடு கோரும்போது கருவி என்று எண்ணப்படலாம். இரண்டுக்குமிடையே முரண்பாடு இருப்பதாகத் தோன்றினாலும் சட்டத்தில் முரண்பாடு இல்லை. கேட்கப்படும் கேள்விகள் வேறு.

ஐரோப்பிய நீதிமன்றத்தின் முன் வந்த இரண்டு வழக்குகள் இந்த வேறுபாட்டை எந்த விளக்கத்தையும்விட நன்கு உணர்த்துகின்றன. முதலாவது ஸ்லோவேனியாவில் 2007 ஆகஸ்டில் நடந்தது. வைக்கோல் கட்டுகளைக் களஞ்சியத்தின் மேற்தளத்தில் ஏற்றிக்கொண்டிருந்த வேளையில், இழுவைப் பெட்டியுடன் பின்னோக்கி வந்த உழவு இயந்திரம் ஏணியைத் தட்டியது. ஏணியில் நின்றவர் விழுந்து காயமடைந்தார். அது பண்ணை முற்றம், பொது வீதியன்று. ஆயினும் வாகனம் ஓடிக்கொண்டிருந்தது, ஓடுவது அதன் வழமையான பயன்பாடு, ஆகவே கட்டாய மோட்டார் காப்புறுதி அதற்கும் பொருந்தும் என்று 2014 செப்டெம்பரில் வூனுக் வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டது.

இரண்டாவது போர்த்துக்கலில் 2006 மார்ச்சில் நடந்தது. திராட்சைத் தோட்டமொன்றின் சரிவில் உழவு இயந்திரமொன்று நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் என்ஜின் மட்டும் இயங்கி, களைநாசினி தெளிக்கும் பம்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. கனத்த மழையினாலும், இயந்திரத்தின் பாரத்தினாலும் அதிர்வினாலும் நிலம் சரிந்தது. உழவு இயந்திரம் உருண்டு கீழே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மீது விழுந்ததில் பெண்ணொருவர் உயிரிழந்தார். ரொட்ரிகேஸ் த அந்திராத் என அறியப்படும் இவ்வழக்கில் 2017 நவம்பர் 28ஆம் திகதி அதே நீதிமன்றம், அந்த வேளையில் உழவு இயந்திரம் போக்குவரத்துச் சாதனமாகப் பயன்படவில்லை, பம்பிக்குச் சக்தி தரும் பொறியாகவே பயன்பட்டது, ஆகவே கட்டாய மோட்டார் காப்புறுதி அதற்குப் பொருந்தாது என்றது.

இவ்விரு தீர்ப்புகளும் எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவன அல்ல. எம்முடைய 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, வீதியில் வாகனத்தைப் பயன்படுத்துவதோடு பிணைந்தது. பிறருடைய உயிரிழப்பும் உடற்காயமுமே அதன் கரு. ஆனால் போர்த்துக்கல் சரிவில் நடந்ததைப் பனிச்சங்கேணி மணலில் வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய எதுவும் மாறாது. நின்ற நிலை, இயங்கும் என்ஜின், பாரம், அதிர்வு, ஈர நிலம், சரிவு. முகத்துவாரம் வெட்டும் பெக்கோவின் அன்றாட நிலைமை இதுவேயாகும்.

இப்போது அந்த இயந்திரத்தின் ஓர் இரவைப் படிப்படியாகப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்ட உதாரணம். மாலையில் தொலைபேசி அழைப்பு வருகின்றது. பெக்கோ வாழைச்சேனையிலிருந்து புறப்படுகின்றது. கும்மிருட்டில் மாங்கேணிக்கு அருகே மாடொன்றின் மீது மோதி, முன் கண்ணாடியும் விளக்கும் உடைகின்றன. இது வாகன விபத்து. சாரதியிடம் உரிய வகுப்பு அனுமதிப்பத்திரம் இருக்குமானால் முழு மோட்டார் காப்புறுதி இதை ஏற்கும். சிறு வாகன அனுமதிப்பத்திரத்துடன் சிறப்பு நோக்க வாகனத்தைச் செலுத்தினால் இந்த முதற்படியிலேயே கதை முடிந்துவிடும்.

பெக்கோ மணலில் இறங்கித் தாங்கு கால்களை ஊன்றி வெட்டத் தொடங்குகின்றது. நள்ளிரவில் வாய்க்கால் திறக்கின்றது. நீரின் வேகம் கரையை அரிக்க, ஒரு தாங்கு காலின் கீழுள்ள மணல் கரைந்து, இயந்திரம் பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்கின்றது. மறுநாள் வரும் நட்ட மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது சேதத்தையன்று. தாங்கு கால்கள் இறக்கப்பட்டிருந்தனவா, வாளியின் கை நீட்டப்பட்டிருந்ததா, சாரதியின் ஆசனம் எத்திசை நோக்கியிருந்தது என்பவற்றையே பார்ப்பார். ஆசனம் பின்னோக்கியிருந்தால் அது கருவியாக இயங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. மேலே குறிப்பிட்ட வகைச் சேர்க்கை ஒப்பந்தத்தில் இருக்குமாயின் மோட்டார் காப்புறுதி இங்கே கைவிரித்துவிடும். இதே இயந்திரம் வேலை முடிந்து, ஆசனத்தை முன்னே திருப்பி, கால்களை மடக்கி வீதிக்கு ஏறும் வழியில் கவிழ்ந்திருந்தால் பதில் வேறாக இருந்திருக்கலாம். சில நிமிட வித்தியாசம்தான்.

இத்தகைய இழப்புகளுக்கென்றே தனியாக ஒரு காப்புறுதி உண்டு. ஒப்பந்ததாரர் பொறித்தொகுதி மற்றும் இயந்திரக் காப்புறுதி என்பது அதன் பெயர். வேலைத்தளத்தில் இயங்கும்போதும், ஓய்ந்து நிற்கும்போதும், பழுதுபார்ப்பதற்காகக் கழற்றிப் பூட்டும்போதும் திடீரென நேரும் பௌதிகச் சேதத்தை அது பொதுவாக ஏற்கின்றது. கவிழ்வதும் மண் சரிந்து புதைவதும் அதன் வழமையான விடயங்கள். அப்படியாயின் இதனை எடுத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் உலகெங்கும் காப்புறுதி நிறுவனங்கள் பின்பற்றுகின்ற மாதிரி வாசகத்தில் மூன்று விலக்குகள் உண்டு. அவை மூன்றும் பனிச்சங்கேணிக்கென்றே எழுதப்பட்டவை போலிருக்கின்றன.

முதலாவது, பொது வீதியில் ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்டு அனுமதி பெற்ற வாகனங்கள், வேலைத்தளத்தில் மட்டுமே பயன்படுத்தப்பட்டால் அன்றி இக்காப்புறுதிக்குள் வரமாட்டா. சங்கிலிச் சக்கரத்தில் நகரும் பெரிய அகழும் இயந்திரத்துக்கு இது பிரச்சினையன்று. அது லோ பெட் லொறியில் ஏற்றப்பட்டே வரும், வீதியில் ஓடாது. (ஏற்றி இறக்கும் பயணத்துக்குத் தனிச் சேர்க்கை வேண்டும் என்பது வேறு விடயம்.) இலக்கத்தகடுடன் வேலைக்கு வேலை வீதியில் ஓடும் பெக்கோவுக்கோ இது பெரும் பள்ளம். மோட்டார் காப்புறுதி "நீ கருவி" என்று வெளியே தள்ளுகின்றது. இயந்திரக் காப்புறுதி "நீ வாகனம்" என்று வெளியே தள்ளக்கூடும். இரண்டுக்கும் தவணைப்பணம் செலுத்திய உரிமையாளர் இரண்டுக்கும் நடுவே விழுகின்றார். இதைத் தவிர்க்க வேண்டுமாயின், இயந்திரத்தின் பதிவு இலக்கம், அது வீதியில் ஓடுவது, தளத்தில் கருவியாக இயங்குவது ஆகிய மூன்றையும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, கருவியாக இயங்கும் வேளையையும் ஏற்பதாக இரண்டில் ஒரு நிறுவனத்திடம் எழுத்துமூலச் சேர்க்கை பெற வேண்டும். ஒரே நிறுவனத்தில் இரண்டையும் எடுத்தால், நடுவே விழும் ஆபத்தைப் பற்றி ஒரே மேசையில் பேசிவிடலாம் என்ற வசதி உண்டு.

இரண்டாவது விலக்கு நீரைப் பற்றியது. வற்றுப்பெருக்குள்ள நீரில் முழுமையாகவோ பகுதியாகவோ மூழ்குவதால் வரும் சேதம் ஏற்கப்படாது என்பது அந்த மாதிரி வாசகத்தின் கருத்து. இலங்கைக் கரைகளில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைந்ததுதான், ஆனால் விலக்குவதற்கு உயரம் ஒரு நிபந்தனையன்று. இங்கேதான் முகத்துவாரம் ஒரு விசித்திரமான கேள்வியை எழுப்புகின்றது. மணல்திட்டு மூடியிருக்கும்வரை களப்பு நீர் கடலோடு சேராது, வற்றுப்பெருக்கும் அதில் தெரியாது. ஆற்று வெள்ளத்தால் நிரம்பிய குளம் போன்றது அது. வெள்ளத்தில் மூழ்குவதை இயந்திரக் காப்புறுதி பொதுவாக ஏற்கும். ஆனால் மணல்திட்டை வெட்டித் திறந்ததும் அதே நீர் கடலோடு கலந்துவிடுகின்றது. எமது உதாரணத்தில் கவிழ்ந்த பெக்கோ அதிகாலையில் வாய்க்கால் நீரில் பாதி மூழ்கிக் கிடக்கின்றது. கவிழ்ந்தபோது கடலை நோக்கிப் பாய்ந்தது வெள்ள நீர். விடியும்போது உள்ளே வந்தது கடல் நீர். சேதத்துக்குக் காரணம் எது? கவிழ்வினால் வளைந்த கைக்கும் நொறுங்கிய கூண்டுக்கும் ஒரு பதிலும், உப்புநீர் புகுந்த என்ஜினுக்கும் மின் இணைப்புகளுக்கும் இன்னொரு பதிலும் வந்தால் வியப்பதற்கில்லை.

ஆகவே களப்போரத்திலும் கடலோரத்திலும் வேலை செய்யும் இயந்திரத்துக்கு, இந்த விலக்கை நீக்குவதற்கோ வரையறுப்பதற்கோ மேலதிகத் தவணைப்பணம் எவ்வளவு என்று கேட்பதே முதற் கேள்வியாக இருக்க வேண்டும். நிறுவனம் மறுக்கவும் கூடும். மறுத்தால், முகத்துவார வேலைக்குச் செல்லும்போது தாம் காப்புறுதியின்றியே செல்கிறோம் என்பதாவது உரிமையாளருக்குத் தெரிந்திருக்கும், கூலியையும் அதற்கேற்பப் பேசலாம். இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு நிபந்தனையும் பரவலாக உண்டு. வேலை முடிந்ததும், அல்லது இடைநிறுத்தப்பட்டதும், இருபது ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எட்டாத இடத்தில் இயந்திரத்தை நிறுத்தி வைத்தால் மட்டுமே வெள்ளச் சேதத்துக்கு நட்டஈடு என்பது அதன் பொருள். பனிச்சங்கேணியில் அத்தகைய மேட்டு நிலத்தைத் தேடுவது எளிதன்று. இரவு உணவுக்காகச் சாரதி மணலிலேயே இயந்திரத்தை விட்டுச் சென்றிருந்தால் இந்நிபந்தனை மீறப்பட்டதாகிவிடும்.

உப்புநீரில் மூழ்கிய இயந்திரத்தைப் பற்றி நடைமுறைக் குறிப்பொன்று. வெளியே இழுத்ததும் ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக என்ஜினை இயக்கிவிடுவது எமது ஊர் வழக்கம். என்ஜினுக்குள் நீர் இருக்கும்போது இயக்கினால் உள்ளுறுப்புகள் வளைந்து, திருத்தக்கூடியது திருத்த முடியாததாகிவிடும். அந்த மேலதிகச் சேதத்தைக் காப்புறுதி நிறுவனம் ஏற்காது, ஏற்காததில் நியாயமும் உண்டு. மின்கல இணைப்பைக் கழற்றி, இயக்காமல், கூடிய விரைவில் நன்னீரால் கழுவி, ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வைத்து, அதேநாளில் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தாமதித்தால் வேறொரு சிக்கலும் உண்டு. இயந்திரக் கோளாறும் மின் கோளாறும் இக்காப்புறுதியில் விலக்கப்பட்டவை. இரண்டு மாதங்களின் பின் உப்பு அரித்து மின் இணைப்பு செயலிழந்தால், அது அன்றைய விபத்தின் விளைவு என்று நிறுவுவது, அன்றே பதிவு செய்திராவிட்டால், கடினம்.

மூன்றாவது விலக்கு யுத்தம். யுத்தம் முடிந்து இத்தனை ஆண்டுகளின் பின் இதைப் பேசுவதா என்று சிலர் கேட்கலாம். மட்டக்களப்பு மாவட்டம் மிதிவெடியற்ற மாவட்டமாக 2017இல் அறிவிக்கப்பட்டதும் உண்மையே. ஆனால் மண்ணை அகழ்பவருக்கு நிலத்தடியில் புதைந்த பழைய எறிகணை ஒரு சாத்தியம்தான். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் 1942இல் போடப்பட்ட குண்டொன்று 2021இல் கட்டுமான வேலையின்போது கண்டெடுக்கப்பட்டுப் பாதுகாப்பாக வெடிக்கச் செய்யப்பட்டது. அந்த வெடிப்பினால் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதிகள் சேதமடைந்தன. 79 ஆண்டுகள் கழிந்திருந்தும், அது யுத்தத்தினால் விளைந்த இழப்பே, ஆகவே காப்புறுதி பொருந்தாது என்று நீதிமன்றம் 2023இல் கூறியது, மேன்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. எமது நாட்டில் கலவரம், பயங்கரவாதம் என்பவற்றுக்கெனத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாகத் தனிக் காப்பு ஒன்று உண்டு. பழைய யுத்தத்தின் மிச்சம் அதற்குள் வருமா என்று எழுத்தில் கேட்டுப் பதில் பெறாமல் வருமென்று நம்பிவிடக் கூடாது.

விலக்குகள் எதுவும் குறுக்கிடாத போதும் நட்டஈடு முழுமையாக வராமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அது காப்புறுதித் தொகை. மோட்டார் காப்புறுதியில் வாகனத்தின் சந்தைப் பெறுமதியைக் குறிப்பிட்டுப் பழகியவர்கள் இங்கும் அதையே செய்கின்றனர். இயந்திரக் காப்புறுதியிலோ அதே வகைப் புதிய இயந்திரத்தை இன்று இறக்கி நிறுத்துவதற்கு ஆகும் முழு விலையைக் குறிப்பிட வேண்டும் என்பது விதி. குறைத்துக் குறிப்பிட்டால் நட்டஈடும் அதே விகிதத்தில் குறையும். கணக்குக்காக, புதிய விலை 2 கோடி ரூபா எனவும், பழைய இயந்திரம்தானே என்று 1 கோடியே 20 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்யப்பட்டது எனவும் வைத்துக்கொள்வோம். அதாவது ஐந்தில் மூன்று பங்கு. திருத்தச் செலவு 30 இலட்சமானால் அதன் ஐந்தில் மூன்று பங்காகிய 18 இலட்சமே கணக்கில் வரும். ஒப்பந்தப்படி உரிமையாளர் முதலில் தாங்க வேண்டிய தொகை 2 இலட்சமானால் கைக்கு வருவது 16 இலட்சம். மிகுதி 14 இலட்சமும் அவருடைய பொறுப்பு.

பழைய இயந்திரத்துக்குப் புதிய விலையில் தவணைப்பணம் கட்டுவது அநியாயம் என்ற முறைப்பாடு உண்டு. முழுமையாக அழிந்தால் அன்றைய உண்மைப் பெறுமதிதானே தருவார்கள் என்பதும் சரியே. ஆனால் இயந்திரங்களுக்கு நேருவதில் பெரும்பகுதி பகுதிச் சேதம். உடைந்த கைக்குப் பதிலாகப் புதிய கையைத்தான் வாங்கிப் பூட்ட வேண்டும், அதற்குத் தேய்மானம் கழிக்காமல் தருவது இவ்வகைக் காப்புறுதியின் இயல்பு. புதிய விலையைக் கேட்பதன் நியாயம் அங்கே இருக்கிறது. ரூபாவின் பெறுமதி 2022இல் சரிந்ததன் பின் இறக்குமதி இயந்திரங்களின் விலை எங்கோ சென்றுவிட்டது. அதற்கு முன்னர் எழுதிய தொகையையே ஆண்டுதோறும் புதுப்பித்து வருபவர்கள், தமது பங்கு ஐந்தில் மூன்றாகக்கூட இருக்காது என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த இரவில் வாளிக்கு அருகே மண்வெட்டியுடன் நின்ற உதவியாளர் கவிழ்ந்த இயந்திரத்தின் கீழ் அகப்பட்டிருந்தால், அவர் உரிமையாளரின் ஊழியர் என்ற வகையில் மூன்றாம் தரப்பு என்ற சொல்லுக்குள் வரமாட்டார். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் தொழில்தருநரே பொறுப்பாளி. அப்பொறுப்பைத் தனியாகக் காப்புறுதி செய்யாவிட்டால் அது உரிமையாளரின் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும். வேடிக்கை பார்க்க வந்த ஊரவர் ஒருவர் காயமடைந்தாலோ, கரையில் நின்ற மீனவரின் தோணி நொறுங்கினாலோ, வீதிக்கு வெளியே, கருவியாக இயங்கிய வேளையில் நேர்ந்த அந்தப் பொறுப்புக்கு மோட்டார் காப்புறுதியை நம்பியிருக்க முடியாது. இயந்திரக் காப்புறுதியின் அடிப்படைப் பகுதி இயந்திரத்தின் சேதத்தை மட்டுமே பார்க்கும். பிறர்பொறுப்புக்குத் தனிச் சேர்க்கை வேண்டும்.

இவ்வளவும் உரிமையாளர் கவனிக்க வேண்டியவை. ஆனால் எல்லாச் சுமையையும் அவர் தலையில் வைத்துவிட்டு விலகிக்கொள்வது நியாயமாகாது. முகத்துவாரம் வெட்டுவது தனியாரின் தேவையன்று, பொதுத்தேவை. பாலம், வீதி போன்ற பெரிய ஒப்பந்தங்களில் ஒப்பந்த வேலைக்கான சகல இடர்க் காப்புறுதி எடுக்கப்பட வேண்டும் என்று அரச நிறுவனங்கள் நிபந்தனை விதிக்கின்றன. அங்குகூட, பட்டியலில் பெயர் குறிப்பிடப்படாத வாடகை இயந்திரம் அந்தக் காப்புக்குள் வராது என்பதைத் துணை ஒப்பந்ததாரர்கள் பலர் காலங்கடந்தே அறிகின்றனர். வெள்ள இரவில் தொலைபேசியில் அழைக்கப்படும் பெக்கோவுக்கோ பட்டியலும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. மணித்தியாலக் கூலி மட்டுமே பேசப்படுகின்றது. விபத்து நேர்ந்தால், எந்த இடத்தில், எந்த வேலைக்கு, யாருடைய பணிப்பில் இயந்திரம் நின்றது என்பதைக் காட்டுவதற்கு உரிமையாளரிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருப்பதில்லை.

பருவமழை எப்போது வரும் என்பது அனைவருக்கும் தெரிந்ததே. ஐப்பசிக்கு முன்னரே, தமது பிரிவில் முகத்துவார வேலைக்கு அழைக்கப்படக்கூடிய இயந்திரங்களின் பதிவு இலக்கங்களைப் பிரதேச செயலகம் பட்டியலிட்டு, அந்தப் பருவத்துக்கு மட்டுமாவது கருவியாக இயங்குதல், கடல்நீரில் மூழ்குதல், பிறர்பொறுப்பு ஆகியவற்றை உள்ளடக்கிய காப்பொன்றைக் கூட்டாகக் கேட்டுப் பார்க்க முடியும். தனி உரிமையாளர் ஒருவருக்கு மறுக்கப்படுகின்ற சேர்க்கை, பத்து இயந்திரங்களின் பட்டியலோடு சென்றால் பேசக்கூடியதாகலாம். அதற்கான மேலதிகத் தவணைப்பணம் கூலிக் கட்டணத்தில் தனி வரியாகக் காட்டப்பட்டு, வேலையைப் பணிக்கும் திணைக்களத்தினால் செலுத்தப்பட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. அழைப்பு தொலைபேசியில் வந்தாலும், இடம், நேரம், வேலை, பணித்த அதிகாரியின் பதவி ஆகிய நான்கும் அடங்கிய குறுஞ்செய்தியொன்றைச் சாரதி புறப்படுமுன் அனுப்பிவைப்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.